இளைத்த மாதத்தின் கணக்கு

(துவாக்குடித் தொழிற்பேட்டையில் ஓர் உற்பத்திக்கூடத் தொழிலாளர்களுக்கு ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகத் திருத்தப்பட்டது.)



இந்தச் சொற்பொழிவைக் கல்லூரி அரங்கில் வைக்காமல் இங்கே கேன்டீனில் வைக்கலாமா என்று அறக்கட்டளையாரிடம் கேட்டவன் நான். மாதச் சேமிப்பைப் பற்றிப் பொருளாதார மாணவர்களிடம் பலமுறை பேசியிருக்கிறேன். ஆனால் மாதா மாதம் வேறு வேறு தொகை சம்பளமாக வாங்குகிறவர்கள் அந்த அரங்கில் இருப்பதில்லை. இங்கே இருக்கிறீர்கள். நான் சொல்லப்போகும் கருத்தே உங்கள் சம்பளத்தின் அந்தத் தன்மையிலிருந்து பிறந்ததுதான்.

திருவெறும்பூரிலும் துவாக்குடியிலும் பெல் நிறுவனத்தை நம்பி நூற்றுக்கணக்கான பேப்ரிகேஷன் கூடங்கள் வளர்ந்தன. அனல் மின் நிலையங்களுக்கு ஆர்டர் குவிந்த காலத்தில் இந்தச் சாலையில் இரவும் பகலும் வெல்டிங் வெளிச்சம் தெரிந்தது. 2012-க்குப் பிறகு ஆர்டர்கள் சுருங்கியபோது முதலில் நின்றது ஓவர்டைம். பிறகு ஒரு ஷிப்ட் நின்றது. பிறகு சில கூடங்களின் கதவே மூடியது. இப்போது மறுபடி வேலை வருகிறது, மகிழ்ச்சி. ஆனால் வேலை ஏறும், இறங்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே என் கருத்து ஒன்றே ஒன்று. மாதச் சேமிப்பின் தொகையை ஓவர்டைம் கிடைக்கும் நல்ல மாதத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஓவர்டைம் இல்லாத இளைத்த மாதத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கொதிகலனை அது வேலை செய்யும் அழுத்தத்தில் மட்டுமா சோதிக்கிறீர்கள்? ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றிப் பார்த்த பிறகுதானே வெளியே அனுப்புகிறீர்கள்? சேமிப்பையும் அப்படித்தான் சோதிக்க வேண்டும். இதை ஐந்து பகுதிகளாகச் சொல்கிறேன்.

1

முதலீட்டை நீங்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள். அது சம்பளச் சீட்டில் இருக்கிறது.

கணக்குக்காக ஒரு வெல்டரை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000 ரூபாய், மற்ற படிகள் 2,000, மொத்தம் 15,000. இதில் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,560 ரூபாய் பிடிக்கிறார்கள். நிறுவனமும் அதே அளவு போட வேண்டும். ஆனால் நிறுவனத்தின் பங்கு இரண்டாகப் பிரியும். 8.33 சதவீதமான 1,083 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். மீதி 477 ரூபாய் பி.எஃப். கணக்கில் சேரும். ஆக, இவர் பெயரில் மாதம் 2,037 ரூபாய் பி.எஃப்.பில் ஏறுகிறது. 2023-24, 2024-25 இரண்டு ஆண்டுக்கும் அதற்கு 8.25 சதவீத வட்டி கிடைத்தது. சம்பளம் ஏறாமலே இருந்து, அதே வட்டி ஐந்து ஆண்டு நீடித்தால் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் சேர்ந்துவிடும். வெளியில் எந்தத் திட்டத்தைத் தேடிப் போகும் முன்பும் இந்தப் பணம் ஒழுங்காக ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

பார்ப்பது எளிது. பி.எஃப். கணக்கில் பதிவான உங்கள் கைபேசியிலிருந்து 7738299899 என்ற எண்ணுக்கு இப்படி ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்:

```
EPFOHO UAN TAM
```

கடைசியில் உள்ள மூன்று எழுத்து, பதில் தமிழில் வர வேண்டும் என்பதற்காக. 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தாலும் இருப்பு வரும். பதிலே வரவில்லை என்றால், உங்கள் கைபேசி எண்ணோ ஆதாரோ கணக்கோடு இணைக்கப்படாமல் இருக்கலாம். ஆதாரில் ஒரு இனிஷியல், பி.எஃப்.பில் வேறு இனிஷியல் என்று இருந்தாலும் பணம் எடுக்கும் நாளில் அது சிக்கலாகும். அதை இப்போதே அலுவலகத்தில் சொல்லிச் சரி செய்துகொள்ளுங்கள்.

பதிலில் கடைசியாக ஏறிய தொகை எந்த மாதத்துக்கு உரியது என்று கவனியுங்கள். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் நிறுவனம் கட்டியாக வேண்டும். சீட்டில் பிடித்திருக்கிறார்கள், பாஸ்புக்கில் மூன்று மாதமாக ஏறவில்லை என்றால் பேசாமல் இருக்காதீர்கள். ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். ஒப்பந்தக்காரர் கட்டாமல் விட்டால், வேலை வாங்கும் முதன்மை நிறுவனத்துக்கும் சட்டப்படி பொறுப்பு உண்டு. ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். அமைப்பு குறைகேட்பு முகாம் நடத்துகிறது. சம்பளச் சீட்டையும் பாஸ்புக் நகலையும் எடுத்துக்கொண்டு அங்கே போகலாம்.

இன்னொன்று. டெண்டர் மாறும்போது ஒப்பந்தக்காரர் மாறுவார், ஆனால் நீங்கள் அதே கூடத்தில் அதே வேலையைச் செய்வீர்கள். அப்போது பலர் பழைய பி.எஃப்.பை மொத்தமாக எடுத்துவிடுகிறார்கள். கூடவே ஓய்வூதியப் பணத்தையும் எடுத்துவிடுகிறார்கள். மாத ஓய்வூதியம் கிடைக்கப் பத்து ஆண்டு சேவை வேண்டும். ஒவ்வொரு முறையும் எடுத்துவிட்டால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பதினெட்டு வருடம் உழைத்தும் ஓய்வூதியச் சேவை மூன்று வருடம்தான் என்று ஆகிவிடும். எடுக்காதீர்கள். பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். யு.ஏ.என். எண் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும்.

2

இப்போது தொகைக்கு வருகிறேன். இன்றைய பேச்சின் நடுப்பகுதி இதுதான்.

அதே வெல்டர். 15,000-த்தில் பி.எஃப். 1,560, ஈ.எஸ்.ஐ. 113 போக, கையில் 13,327 வருகிறது. வேலை நெருக்கடியான மாதத்தில் 36 மணி நேரம் ஓவர்டைம் பார்க்கிறார் என்று வையுங்கள். இரட்டைச் சம்பளக் கணக்கில் அது ஐயாயிரத்து நூற்றுச் சொச்சம் வரும். கையில் ஏறக்குறைய 18,500.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஓவர்டைம் பணத்துக்கு பி.எஃப். பிடிப்பதில்லை. நல்ல மாதத்தில் கூடுதலாக வரும் ஐயாயிரத்திலிருந்து ஒரு ரூபாய்கூடத் தானாகச் சேமிப்புக்குப் போகாது. அது ஏறக்குறைய முழுவதும் கைக்கு வரும், முழுவதும் செலவாகும். இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து வந்தால் அதை நம்பித் தவணையில் வண்டி எடுப்போம், பெரிய சீட்டில் சேருவோம்.

அவர் வீட்டுச் செலவைப் பார்ப்போம். மனைவி இப்போது வேலைக்குப் போகவில்லை, ஒரு குழந்தை. வாடகை 4,000. மளிகை, பால், காய்கறி 5,000. கேஸ், மின்சாரம், போன் 1,100. போக்குவரத்து 1,200. பள்ளிச் செலவு 800. ஆக 12,100. ஓவர்டைம் இல்லாத மாதத்தில் மீதி 1,227 ரூபாய். அதிலும் ஒரு மருந்துச் சீட்டோ, சொந்தத்தில் ஒரு விசேஷமோ பாதியைத் தின்றுவிடும். ஆகவே அவர் எந்த மாதத்திலும் தவறாமல் கட்டக்கூடிய தொகை 500 ரூபாய்தான்.

"ஐநூறு ரூபாயில் என்ன சார் வரும்?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. மாற்று வழியைக் காட்டுகிறேன், நீங்களே ஒப்பிடுங்கள்.

நல்ல மாதத்தின் 18,500-ஐப் பார்த்து, "மாதம் மூவாயிரம் கட்டலாம்" என்று அவர் அஞ்சலகத்தில் ஐந்தாண்டுத் தொடர் வைப்பு, அதாவது ஆர்.டி., தொடங்குகிறார். ஆறு மாதம் கட்டுகிறார். ஏழாம் மாதம் ஆர்டர் இல்லை. கையில் மிஞ்சுவது 1,227, கட்ட வேண்டியது 3,000. விட்டுவிடுகிறார். தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம் 30 ரூபாய் அபராதம். இது பெரிதல்ல. பெரிய பிரச்சினை, நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும் என்பது. நான்காவது தவறியதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டினால் உயிர்ப்பிக்கலாம். ஆர்டர் இல்லாத காலத்தில் 12,000 ரூபாயும் அபராதமும் எங்கிருந்து வரும்? கணக்கு நின்றுபோகும். மூன்று ஆண்டு முடியாமல் அந்தக் கணக்கை மூடவும் முடியாது. மூன்று ஆண்டு கழித்து மூடினாலும் சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டி, இப்போது 4 சதவீதம், அதுதான் கிடைக்கும். ஆறு மாதம் கட்டிய பதினெட்டாயிரம் தேவையான நேரத்தில் உதவாமல் உள்ளே மாட்டிக்கொள்கிறது. அந்த மாதச் செலவுக்கு அவர் வட்டிக்கு வாங்குகிறார். சேமிக்கப் போனவர் கடனோடு திரும்புகிறார்.

ஐநூறு ரூபாய்க் கணக்கு அப்படி நிற்காது. அது இளைத்த மாதத்தையும் தாண்டும். நல்ல மாதத்தில் மிஞ்சுவதை என்ன செய்வது என்பது தனிக் கேள்வி, அதற்கும் வருகிறேன்.

உங்கள் வீட்டுக் கணக்கு இந்த வெல்டரின் கணக்கைப் போல இருக்காது. வழி மட்டும் ஒன்றே. கடந்த ஓராண்டுச் சம்பளச் சீட்டுகளை எடுங்கள். மிகக் குறைவாக வந்த மாதத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த மாதத்து வருமானத்திலிருந்து கட்டாயச் செலவைக் கழியுங்கள். மிஞ்சுவதில் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் இப்போது தொடங்காதீர்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குழுக் கடனுக்கோ தனியாருக்கோ ஆண்டுக்கு 24 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றாலும் தொடங்காதீர்கள். 6.7 சதவீத வட்டிக்குப் பணத்தைப் போட்டுவிட்டு 24 சதவீதத்தைச் சுமப்பது நட்டம். முதலில் அந்தக் கடனை அடையுங்கள். அடைத்த மாதமே அதே தவணைப் பணத்தைச் சேமிப்புக்குத் திருப்புங்கள்.

3

எங்கே போடுவது? முதல் இடம் அஞ்சலக ஆர்.டி. என்பது என் கருத்து. மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம். 2023 அக்டோபரில் இதன் வட்டி 6.7 சதவீதம் ஆனது. அரசு விகிதத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம். ஆனால் நீங்கள் தொடங்கும் நாளில் உள்ள விகிதம் உங்களுக்கு ஐந்து ஆண்டும் மாறாது. 6.7 சதவீதத்தில் மாதம் 500 கட்டினால் கட்டிய 30,000-க்கு முடிவில் ஏறக்குறைய 35,700 கிடைக்கும். பன்னிரண்டு தவணை கட்டிய பிறகு, ஓராண்டு ஆனதும், சேர்ந்ததில் பாதி வரை கடனாகப் பெறலாம். அதற்கு வட்டி ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம்தான் கூடுதல். அடகுக் கடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் இளைத்த மாதத்துக்கு உதவும் இரண்டு விதிகள் இருக்கின்றன. சுவரொட்டியில் இவற்றைப் போடுவதில்லை.

ஒன்று, தேதி. மாதத்தின் 15-ஆம் தேதிக்குள் கணக்குத் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். 16-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ தொடங்கினால் மாதக் கடைசி வேலைநாள் வரை கட்டலாம். சம்பளம் ஏழாம் தேதி வர வேண்டியது சில மாதம் பதினைந்தைத் தாண்டி வருகிறது என்று உங்களில் சிலர் சொன்னீர்கள். அப்படியானால் 16-ஆம் தேதிக்குப் பிறகு போய்த் தொடங்குங்கள். வருடம் முழுவதும் அந்தக் கூடுதல் இரண்டு வாரம் உங்களுக்குக் கிடைக்கும்.

இரண்டு, முன்பணம். ஆறு தவணையை மொத்தமாகக் கட்டினால் மாதத் தவணையில் நூறு ரூபாய்க்கு 10 ரூபாயும், பன்னிரண்டு தவணைக்கு 40 ரூபாயும் தள்ளுபடி. தீபாவளி போனசிலிருந்து 3,000 ரூபாயை எடுத்து ஐநூறு ரூபாய்க் கணக்கில் ஆறு தவணையைக் கட்டிவிட்டால் 50 ரூபாய் தள்ளுபடி கிடைக்கிறது. அதைவிட முக்கியமாக, அடுத்த ஆறு மாதத்தில் ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் கணக்கு நிற்காது.  போனசுக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை.

முகவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில். சித்திரை வீதி, உத்திர வீதிகளில் மாதத்தின் முதல் பத்து நாளும் தோளில் பையோடு வீடு வீடாகப் போகும் பெண்களைப் பார்க்கலாம். அஞ்சல் ஆர்.டி.க்குப் பணம் திரட்ட அரசு உரிமம் கொடுத்த மகளிர் முகவர்கள் அவர்கள். தெருவில் எல்லாரும் "போஸ்ட் ஆபீஸ் அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களுடைய கமிஷனை அரசு கொடுக்கிறது, உங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது. ஸ்ரீரங்கத்திலிருந்தும் திருவானைக்காவலிலிருந்தும் காவிரிப் பாலம் தாண்டி இங்கே வேலைக்கு வருகிறவர்களுக்கு அஞ்சலகம் திறந்திருக்கும் நேரத்தில் போக முடியாது. அவர்களுக்கு இந்த அக்காக்கள் பெரிய உதவி.

ஆனால் ஓர் ஒழுங்கை விடாதீர்கள். பணம் கொடுத்த உடனே உங்களிடம் உள்ள அட்டையில் தேதி, தொகை எழுதி அவர் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பாஸ்புக்கை வாங்கி, அஞ்சலகம் அதில் பதிவு செய்திருக்கிறதா என்று அட்டையோடு ஒப்பிடுங்கள். அட்டை முகவர் எழுதுவது, பாஸ்புக் அஞ்சலகம் பதிவது. அட்டையில் ஏறியது பாஸ்புக்கில் ஏறவில்லை என்றால் பணம் அஞ்சலகத்துக்குப் போகவில்லை. "பாஸ்புக் என்னிடமே இருக்கட்டும்" என்று யார் சொன்னாலும், எவ்வளவு பழகியவராக இருந்தாலும், கொடுக்காதீர்கள்.

இனி நல்ல மாதத்து மீதி. ஓவர்டைம் வந்த மாதத்தில் 2,000 ரூபாயைத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் போடுங்கள். சம்பளம் வராத வேறொரு கணக்கு, ஏ.டி.எம். கார்டு வீட்டிலேயே இருக்கட்டும். நம் வெல்டருக்கு இரண்டு மாதச் செலவு 24,200. அந்த அளவு சேரும் வரை அதற்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். ஓவர்டைம் நிற்கும் மாதத்தில் அதிலிருந்து எடுக்கலாம். எடுப்பதற்காகத்தான் அது.

4

எஸ்.ஐ.பி. பற்றிக் கேட்கத்தான் பலர் வந்திருக்கிறீர்கள். மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 500 போடலாம், சில திட்டங்களில் 250-க்கும் வழி இருக்கிறது. இது பங்குச் சந்தையில் போகும் பணம். நீண்ட காலத்தில் ஆர்.டி.யைவிட அதிகம் தரும் வாய்ப்பு இதற்கு உண்டு. உறுதி கிடையாது. மாதா மாதம் போட்டால் நட்டமே வராது என்று ஒருவர் சொன்னால் அவர் சொல்வது தவறு.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். ஜனவரி 14 அன்று நிஃப்டி குறியீடு 12,362-இல் முடிந்தது. மார்ச் 23 அன்று 7,610. பத்து வாரத்தில் 38 சதவீதம் போய்விட்டது. மார்ச் 25 ஊரடங்கு. இந்தச் சாலையில் கூடங்கள் மூடின, ஓவர்டைம் என்ன, சம்பளமே பலருக்குக் குறைந்தது. சந்தை விழுந்ததும் உங்கள் வருமானம் நின்றதும் ஒரே மாதத்தில். நாட்டின் பொருளாதாரம் பாதிக்கப்படும்போது இரண்டும் சேர்ந்துதான் வரும், அது தற்செயல் அல்ல. அந்த ஆண்டு நவம்பரில் நிஃப்டி பழைய உயரத்தைத் தாண்டியது. காத்திருக்க முடிந்தவருக்கு நட்டமில்லை. ஏப்ரலில் வாடகைக்காக விற்றவருக்கு நட்டம் நிரந்தரமானது. இருவரும் ஒரே ஃபண்டில், ஒரே தேதியில் பணம் போட்டவர்களாக இருக்கலாம். ஒருவரிடம் இரண்டு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருந்தது, மற்றவரிடம் இல்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

அதனால்தான் எஸ்.ஐ.பி.யை நான்காவது இடத்தில் வைக்கிறேன். பி.எஃப். சரியாக ஏறுகிறது, ஆர்.டி. நிற்காமல் ஓடுகிறது, இரண்டு மாதச் செலவு தனியாக இருக்கிறது என்ற நிலை வந்த பிறகு, ஏழெட்டு வருடத்துக்குத் தொடத் தேவைப்படாத 500 ரூபாய் இருந்தால் தொடங்குங்கள். பல பங்குகளைக் கொண்ட குறியீட்டு ஃபண்ட் போதும்.

நடைமுறையில் ஒரு பொறி உண்டு. எஸ்.ஐ.பி. தவணை வங்கியிலிருந்து தானாகப் போகும். அந்த நாளில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் ஃபண்ட் நிறுவனம் அபராதம் கேட்காது, வங்கி கேட்கும். அது பல வங்கிகளில் சில நூறு ரூபாய். ஐநூறு ரூபாய்த் தவணைக்கு அவ்வளவு அபராதம் கட்டினால் அந்த ஆண்டு லாபமே போய்விடும். மாதத்தின் முதல் தேதி, ஐந்தாம் தேதி என்று ஃபாரத்தில் அச்சடித்திருப்பதை அப்படியே ஏற்காதீர்கள். உங்கள் சம்பளம் வழக்கமாக எந்தத் தேதியில் ஏறுகிறதோ அதற்கு ஒரு வாரம் தள்ளித் தேதி கொடுங்கள். வேலை குறையப்போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே நிறுத்தி வையுங்கள். எஸ்.ஐ.பி.யை நிறுத்துவதற்கு அபராதம் இல்லை, போட்ட பணமும் அப்படியே இருக்கும்.

சந்தை பிடிக்கவில்லை என்பவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் உங்கள் பி.எஃப். பங்கை 12 சதவீதத்துக்கு மேல் கூட்டிக்கொள்ளலாம். அதே வட்டி. ஆனால் எடுப்பது கடினம். எடுப்பது கடினம் என்பதே சிலருக்கு அதன் நன்மை.

5

கடைசியாக, யாரிடம் கொடுக்கக் கூடாது என்பது.

திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லரி பல ஊர்களில் கிளை வைத்திருந்தது. தங்கச் சேமிப்புத் திட்டத்தில் நல்ல வருமானம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டியது. 2023 அக்டோபரில் கடைகள் மூடின, மக்கள் புகாரோடு நின்றார்கள். பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. நவம்பரில் அமலாக்கத் துறை சோதனை நடத்தியபோது திரட்டப்பட்ட தொகை சுமார் 100 கோடி ரூபாய் என்று கூறியது. இப்படிப்பட்ட வழக்குகளில் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்க 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் பணம் திரும்பி வர ஆண்டுகள் ஆகும், முழுதாக வருவது அரிது.

நகைக்கடைச் சீட்டு ஏன் பதினொரு மாதமாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரு பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகத் தீர்த்துவிட வேண்டும், தீர்க்காவிட்டால் அது வைப்புத்தொகை ஆகிவிடும் என்று 2014-இல் நிறுவனங்களுக்கான விதி வந்தது. ஆகவே நகைச் சீட்டு என்பது நகைக்கான முன்பணம் மட்டுமே. மகள் கல்யாணத்துக்கு நகை வாங்க நம்பகமான கடையில் கட்டுவதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே கடை, "நகை வேண்டாம், பணத்தைப் போடுங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். வங்கி வைப்புக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. இதற்கு எதுவும் இல்லை.

இந்தத் திட்டங்கள் விளம்பரத்தால் மட்டும் பரவுவதில்லை. பக்கத்து மெஷினில் வேலை செய்யும் நண்பர், "நான் போட்டேன், மூன்று மாதமாகச் சரியாக வருகிறது" என்று சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வருவது உங்களைப் போன்ற அடுத்தவர் போட்ட பணமாக இருக்கலாம். அவரோடு சண்டை வேண்டாம். மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். எந்த அரசு அமைப்பிடம் பதிவு செய்திருக்கிறார்கள், பதிவு எண் என்ன? பணம் எந்தத் தொழிலில் போகிறது? இன்று நான் திருப்பிக் கேட்டால் எத்தனை நாளில் எவ்வளவு வரும், அது எழுத்தில் இருக்கிறதா? பதில் தெளிவாக வராவிட்டால் போடாதீர்கள். sachet.rbi.org.in என்ற ரிசர்வ் வங்கித் தளத்தில் அனுமதி பெற்ற நிறுவனமா என்று பார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம். ஏலச் சீட்டு என்றால் சீட்டுப் பதிவாளரிடம் பதிவான சீட்டா என்று கேளுங்கள்.

நிர்வாகத்தாரும் இங்கே அமர்ந்திருப்பதால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். சம்பளச் சீட்டைத் தமிழில் கொடுங்கள். அதில் ஓவர்டைம் தொகையைத் தனி வரியில் காட்டுங்கள். யு.ஏ.என். எண்ணையும், பி.எஃப். கட்டிய தேதியையும் அச்சிடுங்கள். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் அதே சீட்டு கிடைக்கச் செய்யுங்கள். பலர் துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதிய கணக்கைத்தான் இன்று எனக்குக் காட்டினார்கள். தோழர்களே, நீங்கள் இன்று வீட்டுக்குப் போய் எந்தத் திட்டத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். அந்தக் குறுஞ்செய்தியை மட்டும் அனுப்புங்கள். பதில் வராதவர்கள் நாளைக் காலை ஆதாரை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போங்கள்.